பிராஜெக்டுக்கு நாடி பார்ப்பது எப்படி?



ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மோட்டாரின் பேரிங் ஒரே நாளில் பிடித்துக்கொள்வதில்லை. முதலில் லேசாக ஒரு சத்தம் வரும். பிறகு மூடியைத் தொட்டால் வழக்கத்தைவிடச் சூடாக இருக்கும். அதற்குப் பிறகு அதிர்வு. கடைசியில்தான் ஷாப்ட் நின்றுபோகும். மோட்டார் நின்ற பிறகு “பேரிங் போச்சு” என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். சத்தம் வந்த நாளிலேயே சொல்பவர்தான் மெக்கானிக்.

இறுதியாண்டு பிராஜெக்டும் அப்படித்தான். பல வருடங்களாகப் பிராஜெக்ட் குழுக்களுக்கு வழிகாட்டி வருகிறேன். பதினாறு வாரத்தில் முடிய வேண்டிய வேலை பதினைந்தாம் வாரத்தில் கவிழ்ந்ததாகச் சொல்வார்கள். உண்மையில் அது ஏழாம் எட்டாம் வாரத்திலேயே கவிழத் தொடங்கியிருக்கும். அந்தச் சத்தத்தை எப்படிக் கேட்பது, கேட்டபின் என்ன செய்வது என்பதை இக்கட்டுரையில் சொல்லப் பார்க்கிறேன். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

முன்னே வருவதும் பின்னே வருவதும்

“பிராஜெக்ட் எப்படிப்பா போகுது?” என்று கேட்டால், “நல்லாப் போகுது சார், அறுபது சதவீதம் முடிஞ்சாச்சு” என்று பதில் வரும். அந்த அறுபதை எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஸ்டாண்டு வெல்டிங் ஆகிவிட்டது, பெயிண்ட் அடித்தாகிவிட்டது, பார்க்க லட்சணமாக இருக்கிறது, அதனால் அறுபது. இது மனதுக்குத் தோன்றிய எண், அளந்து வந்தது அல்ல.

செலவு பட்ஜெட்டைத் தாண்டியது, குறித்த தேதி தவறியது, வைவா அன்றைக்கு மிஷின் ஓடவில்லை ஆகிய மூன்றுமே உண்மையான தகவல்கள்தான். ஆனால் இவை காரியம் கெட்ட பிறகு வருபவை. இவற்றைப் பின் அறிகுறிகள் என்று வைத்துக்கொள்வோம். இவை தெரியும்போது திருத்துவதற்கு நாள் இருக்காது.

முன் அறிகுறிகள் வேறு. தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அற்பமாகத் தெரியும். “பேரிங் சைஸ் இன்னும் முடிவாகலை.” “செவ்வாய்க்கிழமை தர்றேன்னு சொன்ன டிராயிங் வியாழக்கிழமைதான் வந்துச்சு.” “அவன் இப்பல்லாம் மீட்டிங்ல வாயே திறக்கறதில்ல.” இதற்கெல்லாம் யார் கவலைப்படுவார்கள்? ஆனால் இந்த மூன்று வகையையும் வாரா வாரம் எண்ணிக்கொண்டு வந்தால், தேதி தவறப் போகிறது என்பது ஐந்தாறு வாரம் முன்னாலேயே தெரிந்துவிடும்.

1960களில் ஐ.பி.எம். கம்பெனியில் ஓ.எஸ்./360 என்ற மிகப் பெரிய மென்பொருள் வேலையை நடத்தியவர் பிரெடரிக் புரூக்ஸ். அந்த அனுபவத்தை வைத்து 1975-ல் அவர் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் அழுத்திச் சொல்கிறார். ஒரு வேலை ஒரு வருடம் தாமதமாவது பெரும் விபத்தால் அல்ல, ஒவ்வொரு நாளாகத் தவறித்தான் என்பது அவர் கண்டது. பெரிய இடி விழுந்தால் எல்லோரும் ஓடி வந்து சரி செய்துவிடுவார்கள். கரையான் அரிப்பதுதான் யார் கண்ணுக்கும் படாது.

முதல் அறிகுறி: ஏறிக்கொண்டே போகும் நிலுவை

முடிவு தெரியாமல் நிற்கும் எந்த விஷயமும் நிலுவைதான். மோட்டார் ஒரு குதிரைத்திறனா இரண்டா? இந்தச் சல்லடையை யார் செய்து தருவார்? லேத் நமக்கு எப்போது கிடைக்கும்? பதில் இல்லாத இப்படிப்பட்ட கேள்விகள் குழுவில் ஆளாளுக்கு மனதில் கிடக்கும். அவற்றை ஒரே நோட்டில் இறக்கி வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், எழுதிய தேதி, முடிவு சொல்ல வேண்டியவர் பெயர், தீர்ந்த தேதி. இந்த நான்கு கட்டங்களே போதும்.

வெள்ளிக்கிழமை மாலை மூன்று எண்களை எழுத வேண்டும். இந்த வாரம் புதிதாக வந்தது எத்தனை, தீர்ந்தது எத்தனை, மிச்சம் எத்தனை? மிச்சம் அதிகமாக இருப்பதாலேயே பயப்பட வேண்டியதில்லை. முதல் நாலைந்து வாரத்தில் நிலுவை ஏறுவது இயல்பு. வேலையைத் தோண்டத் தோண்டக் கேள்விகள் வரத்தான் செய்யும். பாதி வழி நெருங்கும்போது வரவைவிடத் தீர்வு அதிகமாகி நிலுவை இறங்க வேண்டும். அந்தக் கட்டத்தில் இறங்காமல் தொடர்ந்து மூன்று வாரம் ஏறினால் அதுதான் சத்தம்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். நிலுவையின் வயசு. பத்து நிலுவை இருந்து எல்லாம் இந்த வாரம் வந்தவை என்றால் குழு சுறுசுறுப்பாக இருக்கிறது என்று அர்த்தம். ஐந்தே நிலுவை, ஆனால் ஐந்தும் ஒரு மாதமாகக் கிடக்கிறது என்றால், யாரோ எதையோ தொடப் பயப்படுகிறார்கள் என்று அர்த்தம். நோட்டில் ஒன்றுமே இல்லை, பூஜ்யம் என்றால்? சந்தோஷப்படாதீர்கள். பிரச்சினையே இல்லாத பிராஜெக்ட் கிடையாது. எழுதுவதை நிறுத்திவிட்டார்கள் என்றுதான் அர்த்தம்.

இரண்டாவது: தவறிப்போகும் சின்ன வேலைகள்

வாரத் தொடக்கத்தில் அந்த வாரம் முடிக்கப் போகும் வேலைகளைச் சின்னச் சின்னதாக எழுத வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் முடிவதாக இருக்க வேண்டும். “டிரம் வேலை” என்று எழுதினால் அது எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. “டிரம் பக்கத்தட்டு இரண்டும் கடைந்து, நடுத்துளை அளவு பார்த்து, நோட்டில் எழுதியாச்சு” என்று எழுதினால் ஆச்சா இல்லையா என்பதில் சண்டைக்கு இடமில்லை.

வார முடிவில் பதில் இரண்டே இரண்டுதான். முடிந்தது, முடியவில்லை. “முக்கால்வாசி ஆயிடுச்சு சார்” என்பதற்கு மதிப்பெண் கிடையாது. இதில் கண்டிப்பு வேண்டும். ஏனென்றால் முக்கால்வாசி என்ற சொல்லுக்குப் பின்னால்தான் எல்லாத் தாமதமும் ஒளிந்துகொள்ளும். முக்கால்வாசி முடிந்த வேலை மூன்று வாரம் முக்கால்வாசியாகவே இருப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

இது நானாகக் கண்டுபிடித்த முறை அல்ல. கட்டுமானத் துறையில் கிளென் பல்லார்ட், கிரெக் ஹோவெல் என்ற இருவர் 1990களில் ‘லாஸ்ட் பிளானர்’ என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தார்கள். வாரத் தொடக்கத்தில் சொன்ன வேலைகளில் எத்தனை சதவீதம் அந்த வாரமே முடிந்தது என்று எண்ணுவதுதான் அதன் உயிர்நாடி. அவர்கள் எண்ணிப் பார்த்தபோது, சொன்னதில் பாதிக்குச் சற்று மேலேதான் முடிந்திருந்தது. அனுபவமுள்ள கான்ட்ராக்டர்களுக்கே அப்படி என்றால் நமக்கு ஒன்றும் வெட்கமில்லை. எண்ணிக்கையைவிட முக்கியமாக அவர்கள் கவனித்தது, முடியாததற்கு என்ன காரணம் என்பதை. ஒவ்வொரு தவறிய வேலைக்கும் நேராக ஒரு வரிக் காரணம் எழுதிவிட வேண்டும். சாமான் வரவில்லை, மிஷின் கிடைக்கவில்லை, முடிவு சொல்லவில்லை, ஆள் வரவில்லை. இவ்வளவுதான்.

ஒரு சின்ன வேலை தவறினால் குடிமுழுகிப் போகாது. ஆனால் ஒரே காரணத்துக்காக நாலு சின்ன வேலை தவறினால், அதே காரணம் அடுத்த மாதம் ஒரு பெரிய வேலையையும் விழுங்கக் காத்திருக்கிறது. சின்ன வேலைகளை எண்ணுவதன் பலன் அதுதான்.

மூன்றாவது: குறைந்துவரும் தெம்பு

“தெம்பை எப்படி சார் எண்றது?” என்று கேட்பீர்கள். ஓரளவு எண்ணலாம். வெள்ளிக்கிழமை மீட்டிங் முடியும்போது ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. “சோதனை ஓட்டம் குறித்த வாரத்தில் நடக்குமா?” என்ற ஒரே கேள்வி. நிச்சயம் நடக்கும் என்றால் 5, நடக்கவே நடக்காது என்றால் 1. பெயர் எழுதக் கூடாது. எண்ணை மட்டும் எழுதி மடித்து ஒரு டப்பாவில் போட வேண்டும். ஆறே பேர் உள்ள குழுவில் கையெழுத்தைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் எல்லோருக்கும் ஒரே பேனா, ஒரே மாதிரி சீட்டு.

“சந்தோஷமா இருக்கீங்களா?” என்று கேட்காமல் “நடக்குமா?” என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. சந்தோஷத்துக்கு வீட்டு விஷயம், பரீட்சை, கிரிக்கெட் என்று ஆயிரம் காரணம் இருக்கும். நம்பிக்கை குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் பிராஜெக்டுக்குள்ளேயே இருக்கும். மேலும், டிராயிங் போர்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தலைவருக்குத் தெரியாத ஒன்று தெரிந்திருக்கும். வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுவார், சீட்டில் 2 என்று எழுதிவிடுவார். சராசரியைவிட, எண்ணிக்கை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதையும், மிகக் குறைந்த சீட்டு எது என்பதையும் பார்க்க வேண்டும்.

சீட்டு இல்லாமலும் சில அடையாளங்கள் உண்டு. மீட்டிங்குக்கு வருவது பத்து நிமிஷம், இருபது நிமிஷம் என்று தள்ளிப் போகும். கேள்வி கேட்பது நின்றுவிடும். என் காதில் முதலில் படுவது ஒரு சொல் மாற்றம். “நாங்க இன்னும் சல்லடை முடிக்கல சார்” என்று சொன்னவர்கள், “அவங்க இன்னும் சல்லடை தரல சார்” என்பார்கள். ஒரு குழு ‘நாங்க’ என்பதிலிருந்து ‘அவங்க’ என்பதற்கு மாறும் வாரத்தை நோட்டில் குறித்து வையுங்கள்.

ஒரு கடலை மிஷினின் கதை

இனி ஒரு உதாரணம். நான் வழிகாட்டிய மெக்கானிக்கல் பேட்ச் ஒன்று, நிலக்கடலை உடைக்கும் மிஷின் செய்தது. ஆறு பேர். மேலே காய் போடும் தொட்டி. உள்ளே சுற்றும் டிரம். டிரம்முக்குக் கீழே வளைந்த சல்லடை. டிரம்முக்கும் சல்லடைக்கும் நடுவே காய் உரசி ஓடு உடையும். பருப்பும் ஓடும் சல்லடை வழியே கீழே விழும். அங்கே ஊதுவிசிறி ஓட்டைத் தள்ளிவிட, பருப்பு தனியாகச் சேரும். ஒரு குதிரைத்திறன் மோட்டாரைத் துறையிலிருந்தே இரவல் வாங்கிக்கொண்டார்கள். ஆளுக்கு 3,000 ரூபாய் போட்டு 18,000 பட்ஜெட். பதிமூன்றாம் வாரம் சோதனை ஓட்டம், பதினாறாம் வாரம் வைவா.

எட்டாம் வாரக் கடைசியில் வெளிப்பார்வைக்கு எல்லாம் பிரமாதம். ஸ்டாண்டு, தொட்டி தயார். செலவு 8,000 ரூபாய்தான். பார் சார்ட்டில் ஐம்பத்தைந்து சதவீதம் கறுப்பு அடித்திருந்தார்கள். ஆனால் நோட்டு வேறு கதை சொன்னது.

| வாரம் | புது நிலுவை | தீர்ந்தது | மிச்சம் | எழுதிய வேலை | முடிந்தது | சீட்டு மொத்தம் (30-க்கு) |
|---|---|---|---|---|---|---|
| 5 | 4 | 4 | 8 | 10 | 8 | 24 |
| 6 | 6 | 3 | 11 | 10 | 7 | 22 |
| 7 | 5 | 2 | 14 | 11 | 6 | 18 |
| 8 | 4 | 1 | 17 | 12 | 5 | 14 |

இந்தப் பட்டியலை நிதானமாகப் படியுங்கள். புதிதாக வரும் நிலுவை ஆறாம் வாரத்திலிருந்து குறைந்துகொண்டுதான் வருகிறது. அதை மட்டும் பார்த்தால் நிலைமை தேறுவதுபோல் தோன்றும். தீர்வதும் அதே அளவு குறைகிறது என்பதுதான் விஷயம். இன்னொரு விநோதம், முடிக்கும் வேலை குறையக் குறைய எழுதும் வேலை கூடிக்கொண்டே போனது. போன வாரம் விட்டதையும் சேர்த்து இந்த வாரம் பிடித்துவிடலாம் என்ற நினைப்பு. பின்தங்கிய எல்லாக் குழுவும் இதைச் செய்யும். அதுவே அடுத்த வாரத் தவறலைக் கூட்டும்.

ஆறாம் வாரத்து எண்ணை வைத்து மட்டும் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. ஆறு பேர் குழுவில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே எண் ஆடிவிடும். ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று வாரம் மூன்று அறிகுறிகளும் ஒரே பக்கம் போனதால், எட்டாம் வார வெள்ளிக்கிழமை எல்லோரும் உட்கார்ந்தோம்.

பதினேழு நிலுவையையும் தனித்தனிச் சீட்டில் எழுதி மேஜையில் பரப்பி, “இது எதுக்காகக் காத்திருக்கு?” என்று ஒவ்வொன்றிடமும் கேட்டோம். ஒன்பது சீட்டு ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தது. சல்லடைக் கம்பிகளுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி விடுவது என்பது முடிவாகவில்லை. பருப்பும் ஓட்டுத்துண்டும் விழ வேண்டும், முழுக்காய் விழக் கூடாது. அது காயின் அளவைப் பொறுத்தது. குழுவில் ஒருவர் ஊரில் சிறுகாய், இன்னொருவர் ஊரில் பெருங்காய். எந்த ரகத்துக்கு மிஷின் என்று யாருமே முடிவு செய்யவில்லை! சல்லடை முடிவாகாததால் டிரம் விட்டம் முடிவாகவில்லை. டிரம் முடிவாகாததால் ஷாப்ட் நீளம், பேரிங் இடம், புல்லி எல்லாம் தொங்கின. மற்ற எட்டில் நாலு, லேத்துக்குக் காத்திருந்தவை, இரண்டு, பணம், இரண்டு, உதிரி.

தவறிய வேலைகளும் அதையே சொல்லின. எட்டாம் வாரம் தவறிய ஏழில் நாலுக்கு எழுதியிருந்த காரணம் “முடிவு சொல்லவில்லை”, இரண்டுக்கு “லேத் கிடைக்கவில்லை”, ஒன்றுக்கு “ஆள் வரவில்லை”. தெம்பு ஏன் குறைந்தது என்பதும் அப்போது வெளியே வந்தது. டிராயிங் போட்ட பெண் டிரம்மை மூன்று தடவை திருப்பித் திருப்பி வரைந்திருந்தார். “நாலாவது தடவையும் மாத்தச் சொல்வாங்கன்னு தெரியும் சார், அதான் 2 போட்டேன்” என்றார். அவர் சோம்பேறி அல்ல. எல்லோருக்கும் முன்னால் நோயைக் கண்டவர் அவர்தான்.

என்ன மருந்து?

குழுத் தலைவர் முதலில் சொன்ன யோசனை, “ஞாயிற்றுக்கிழமையும் வந்து வேலை செய்றோம் சார்.” இன்னொருவர், “வேற பேட்ச்லேர்ந்து ரெண்டு பேரைச் சேர்த்துக்கலாம்” என்றார். இரண்டையும் வேண்டாம் என்றேன். முடிவே ஆகாத சல்லடைக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து என்ன செய்வது? புது ஆளுக்கு விஷயத்தைப் புரிய வைக்கவே பழைய ஆளின் நேரம் போகும். தாமதமான மென்பொருள் வேலையில் ஆளைக் கூட்டினால் அது இன்னும் தாமதமாகும் என்று புரூக்ஸ் சொன்னது நம் ஒர்க்‌ஷாப்புக்கும் பொருந்தும்.

மூன்று காரியம் செய்தோம். முதலாவது, முடிவு. ஒரே ரகக் காய் என்று தீர்மானித்து, மார்க்கெட்டில் ஐந்து கிலோ வாங்கி, அதில் நூறு காயையும் நூறு பருப்பையும் வெர்னியரில் அளந்தார்கள். ஒரே மதியத்தில் வேலை முடிந்தது. இரண்டு அளவுக்கும் நடுவே இடைவெளியை வைத்தார்கள். அப்படியும் தவறிப்போனால்? சல்லடையை வெல்டிங் செய்யாமல் நாலு போல்ட்டில் கழற்றி மாட்டும்படி அமைத்தார்கள். முடிவு தப்பானாலும் மாற்ற வழி இருக்கிறது என்று தெரிந்ததும், முடிவெடுக்கும் பயமே போய்விட்டது.

இரண்டாவது, லேத். ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டரிடம் பேசி, இரண்டு சனிக்கிழமை காலை இந்தக் குழுவுக்கு மட்டும் என்று எழுதி வாங்கினோம். “எப்பவாவது கிடைக்கும்” என்பதற்கும் “சனிக்கிழமை ஒன்பது மணி” என்பதற்கும் உள்ள வித்தியாசம் நாலு நிலுவை.

மூன்றாவது, குறைப்பு. ஊதுவிசிறியை விட்டுவிட்டோம். உடைப்பதை மிஷின் செய்யும், புடைப்பதை முறத்தில் செய்துகொள்ளலாம் என்று ரிப்போர்ட்டிலேயே எழுதிவிட்டார்கள். வாரத்துக்குப் பன்னிரண்டு வேலை எழுதியதை எட்டாகக் குறைத்தார்கள். பின்தங்கிய குழுவுக்குக் குறைவாக எழுதச் சொல்வது தலைகீழாகத் தோன்றும். ஆனால் சொன்னதைச் செய்தோம் என்ற நிலை திரும்பினால்தான் அடுத்தவர் வேலையை நம்பி இவர் வேலையைத் தொடங்க முடியும்.

ஒன்பதாம் வாரம் மூன்று புதிது, ஒன்பது தீர்ந்தது, மிச்சம் 11. எட்டு வேலையில் ஆறு முடிந்தது. ஆனால் சீட்டு மொத்தம் 15 தான். போன வாரத்தைவிட ஒன்றே ஒன்று கூடுதல். பத்தாம் வாரம் மிச்சம் 8, வேலை எட்டில் ஏழு, சீட்டு 20. பதினொன்றாம் வாரம் மிச்சம் 5, வேலை ஒன்பதில் எட்டு, சீட்டு 23. நிலுவை சட்டென்று இறங்கினாலும் தெம்பு ஒரு வாரம் பொறுத்துத்தான் திரும்புகிறது. கண்ணால் பார்த்த பிறகுதானே மனசு நம்பும்!

சோதனை ஓட்டம் பதிமூன்றாம் வாரம் நடக்கவில்லை, பதினாலாம் வாரம் நடந்தது. ஒரு வாரத் தாமதம். அன்றைக்குப் பருப்பு நிறைய உடைந்து விழுந்தது. நிமிடத்துக்கு 1,440 சுற்று மோட்டாரில் 3 அங்குலப் புல்லி, டிரம்மில் 12 அங்குலப் புல்லி. டிரம் 360 சுற்று ஓடியது. வேகம் அதிகம் என்று கண்டு 16 அங்குலப் புல்லி போட்டு 270-க்குக் குறைத்தார்கள். பருப்பு உடைவது வெகுவாகக் குறைந்தது. இதைச் செய்ய அவர்களுக்கு இரண்டு வாரம் கையில் இருந்தது. எட்டாம் வாரம் உட்காராமல் விட்டிருந்தால் அந்த இரண்டு வாரம் இருந்திருக்காது.

எங்கே ஏமாறுவோம்?

இந்த எண்களைக் கண்மூடித்தனமாக நம்பவும் கூடாது. அதே பதினாலாம் வாரம் நிலுவை நோட்டில் ஒரே வாரத்தில் ஆறு புதிதாக ஏறியது. பார்த்ததும் திக்கென்றிருந்தது. ஆனால் அந்த வாரமே ஐந்து தீர்ந்தது, எழுதிய வேலை எல்லாம் முடிந்தது, சீட்டும் குறையவில்லை. சோதனை தொடங்கினால் குறைகள் வெளியே வரும், வரத்தான் வேண்டும். ஒரு அறிகுறி மட்டும் ஏறினால் காரணம் கேளுங்கள். மூன்றும் சேர்ந்து ஒரே பக்கம் போனால் வேலையை நிறுத்திவிட்டு உட்காருங்கள்.

இரண்டாவது ஏமாற்றம், எண்ணை அழகுபடுத்துவது. நிலுவை குறைவாக இருந்தால் மதிப்பெண் உண்டு என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அடுத்த வாரமே ஐந்து நிலுவையை ஒன்றாக்கி எழுதுவார்கள், தீராததைத் தீர்ந்தது என்று அடித்துவிடுவார்கள், சுலபமான வேலைகளாகப் பார்த்து எழுதி எல்லாம் முடிந்தது என்பார்கள். எண் நன்றாக இருக்கும், பிராஜெக்ட் இருக்காது. எனவே இந்த நோட்டை வைத்து நான் யாருக்கும் மதிப்பெண் போடுவதில்லை; யாரையும் திட்டுவதில்லை என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுவேன். ஹெச்.ஓ.டி.க்குப் போகும் ரிப்போர்ட்டும் வேறு நோட்டு. தர்மாமீட்டரைத் திட்டினால் அது பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும்.

மூன்றாவது, சீட்டில் எண் குறைந்ததும் “யாருப்பா 2 போட்டது?” என்று கேட்பது. அந்தக் கேள்வியோடு சீட்டு முறை செத்தது. அடுத்த வாரம் ஆறு சீட்டிலும் 4 இருக்கும். “எது நடந்தால் இந்த 2 ஒரு 3 ஆகும்?” என்று பொதுவாகக் கேளுங்கள். பதில் தானாக வரும். கடலை மிஷின் குழுவில் அப்படிக் கேட்ட பிறகுதான், டிராயிங் போட்டவர் தானே முன்வந்து வாயைத் திறந்தார்.

நாலாவது, எந்த அறிகுறி முதலில் வரும் என்று கட்டாயமில்லை. இந்தக் குழுவில் நிலுவை முதலில் ஏறியது. வேறு குழுக்களில் தெம்புதான் முதலில் இறங்கும். பெரும்பாலும் இரண்டு பேருக்குள் மனத்தாங்கல் இருக்கும். அங்கே நிலுவை நோட்டு சுத்தமாக இருக்கும், சின்ன வேலைகள் மட்டும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும் இடத்தில் தவறும். தவறிய வேலைக்கு எழுதிய காரணங்களை வரிசையாகப் படித்தால் அது தெரிந்துவிடும்.

அடுத்த ஆண்டு பிராஜெக்ட் செய்யப் போகும் நண்பர்கள் இப்படித் தொடங்கலாம். நோட்டின் முன்பக்கத்திலிருந்து நிலுவை, பின்பக்கத்திலிருந்து வார வேலை, அட்டை உட்புறத்தில் மேலே கண்டதுபோல ஒரு பட்டியல். வெள்ளிக்கிழமை மாலை இருபது நிமிஷம் போதும். ஐந்தாம் வாரம்வரை எண்களை எழுதி மட்டும் வையுங்கள், எதையும் முடிவு செய்யாதீர்கள். உங்கள் குழுவுக்கு எது இயல்பு என்று அதற்குள் தெரிந்துவிடும். ஆறாம் வாரத்திலிருந்து மிச்ச நிலுவை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். மூன்று வாரம் தொடர்ந்து ஏறினால், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வருவதற்கு முன்னால், எல்லா நிலுவையையும் சீட்டில் எழுதி மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றும் எதற்காகக் காத்திருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் பாதிச் சீட்டுகள் ஒரே இடத்தில் போய்ச் சேரும்.